குழந்தைகளின் தூக்கத்துக்குக் குளோனிடின், குவான்ஃபசின்: கொடுக்கும் முறையும் பிபி பார்க்கும் முறையும்

1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் குளோனிடினை மூக்கடைப்பு மருந்தாகத்தான் சோதித்தார்கள். ஜலதோஷத்துக்காக அதை மூக்கில் விட்டுக்கொண்ட ஒரு பெண் ஊழியர் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்கத் தூங்கிவிட்டார். பார்த்தால் பிபி இறங்கியிருந்தது, நாடியும் மெதுவாகியிருந்தது. அதற்குப் பிறகு அது உயர் ரத்த அழுத்த மாத்திரையாக விற்பனைக்கு வந்தது. தூக்கமும் பிபி இறக்கமும் இந்த மருந்தில் ஒரே நாளில் கண்டுபிடிக்கப்பட்ட இரட்டைப் பிள்ளைகள் என்பதை நினைவில் வைத்தால், கீழே சொல்லப்போவதெல்லாம் தானாகவே புரியும்.

மூளைத்தண்டில் நார்அட்ரினலின் சுரக்கும் ஒரு சிறு மையம் உண்டு. நம்மை விழிப்பாக வைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு. குளோனிடின் அங்கே போய்ச் சுரப்பைக் குறைக்கிறது. குழந்தை அடங்குகிறது, தூக்கம் வருகிறது. அதே மூளைத்தண்டிலிருந்துதான் இதயத்துக்கும் ரத்தக்குழாய்களுக்கும் "வேகமாக ஓடு, இறுக்கிப் பிடி" என்ற உத்தரவு போகிறது. அந்த உத்தரவும் தளர்கிறது. குவான்ஃபசினும் இதே குடும்பம்தான். ஆனால் அது ஒரு வகை ஏற்பியை மட்டும் கூடுதலாகத் தேடிப் பிடிப்பதால் தூக்கக் கலக்கமும் பிபி இறக்கமும் சற்றுக் குறைவு.

அமெரிக்காவில் நீண்டநேரம் வேலை செய்யும் குவான்ஃபசின் 2009இலும், அதேபோன்ற குளோனிடின் 2010இலும், 6 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களின் கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த ஏடிஎச்டிக்கு அனுமதி பெற்றன. தூக்கமின்மைக்கென்று இரண்டுக்கும் அனுமதி கிடையாது. சாதாரணக் குளோனிடின் மாத்திரையை இரவில் தூக்கத்துக்குக் கொடுப்பது மருத்துவரின் அனுபவ முடிவு. ஆகவே இதை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வீட்டில் தொடங்கக் கூடாது. கீழே வரும் அளவுகள் மருத்துவர் எழுதிக் கொடுத்ததைப் புரிந்துகொண்டு பின்பற்றுவதற்காக.

இரண்டில் எது தூக்கத்துக்கு?

படுத்தும் தூக்கம் வராமல் இரவு 11, 12 வரை புரள்கிற குழந்தைக்கு உதவுவது பெரும்பாலும் குளோனிடின். கொடுத்து 30 முதல் 60 நிமிடத்தில் கண் சொக்கும். 1996இல் வெளியான ஓர் ஆய்வில், ஏடிஎச்டியோடு தூக்கப் பிரச்சினையும் இருந்த 62 பிள்ளைகளின் மருத்துவப் பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்தார்கள். 85 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம் என்று மருத்துவர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். போலி மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு அல்ல என்பதால் அந்த எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஆனாலும் தூக்கம் பிடிக்கும் நேரம் குறைவதைக் கிளினிக்கில் தினமும் பார்க்கிறார்கள்.

குவான்ஃபசினில் பலரும் ஏமாறுவது ஓர் இடத்தில். அது பகலில் தூங்கவைக்கும், எனவே இரவிலும் தூங்கவைக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். தூக்க ஆய்வுக்கூடத்தில் போலி மாத்திரையோடு ஒப்பிட்டு நடத்திய ஒரு சிறு ஆய்வில், நீண்டநேரக் குவான்ஃபசின் எடுத்த ஏடிஎச்டி குழந்தைகளின் மொத்தத் தூக்க நேரம் கூடவில்லை, குறைந்தது. ஆகவே தூக்கம் ஒன்றே குறை என்றால் குவான்ஃபசின் சரியான தேர்வல்ல. பகலில் துறுதுறுப்பு, கோபவெடிப்பு, கண் சிமிட்டல் போன்ற டிக்ஸ் எல்லாம் சேர்ந்திருக்கும் குழந்தைக்கு, அதற்காகக் கொடுக்கும் மருந்தை மாலைக்கு மாற்றிப் பார்க்கலாம் என்ற அளவில்தான் அதற்கு இங்கே இடம்.

தொடங்குவதற்கு முன்

குறட்டை விடுகிறதா, வாய் திறந்து தூங்குகிறதா என்று பாருங்கள். அடினாய்டு, டான்சில் வீங்கி மூச்சு தடைபடும் குழந்தைக்குத் தூக்க மருந்து கொடுத்தால் உண்மையான காரணம் வெளியே தெரியாமல் போய்விடும். கால் குறுகுறுக்கிறது, உதைத்துக்கொண்டே இருக்கிறது என்றால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினை ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். 50க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்தே மருந்தாக அமையலாம். ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் ஊக்கி மருந்தான மெத்தில்ஃபெனிடேட்டின் இரண்டாவது மாத்திரையைப் பிள்ளை மாலை 4 மணிக்குச் சாப்பிடுகிறதா? அதை முன்னால் நகர்த்தினாலே சில வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும். படுக்கைநேர ஒழுங்கும் மெலடோனினும் முயன்று பலிக்காத பிறகுதான் குளோனிடினுக்கு வர வேண்டும்.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்தது, பிறவியிலேயே இதயக் கோளாறு, குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம், சிறுநீரகக் கோளாறு. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஈசிஜி எடுக்காமல் தொடங்க மாட்டார்கள். சிறுநீரகத்தைக் கேட்பதற்குக் காரணம், குளோனிடினில் பாதியளவு மாறாமல் அப்படியே சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. ஒற்றைத் தலைவலிக்குப் பிராப்ரனலால் எடுக்கும் பிள்ளை என்றால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து நாடியை மிகவும் மெதுவாக்கும். பின்னாளில் குளோனிடினை நிறுத்தும்போது பிபி துள்ளி எழுவதையும் அது மோசமாக்கும். வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுக்கும் குழந்தைக்குக் குவான்ஃபசின் சேர்ந்தால் ரத்தத்தில் வால்ப்ரோயேட்டின் அளவு கூடலாம்.

பிபி பார்ப்பது

பெரியவர்களின் கைப்பட்டையைக் குழந்தையின் மெல்லிய கையில் கட்டினால் பிபி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். குறைந்த பிபிக்காகவே அளக்கும்போது இந்தத் தவறு வீண் பயத்தைக் கிளப்பும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பையின் அகலம், மேற்கையின் நடுச் சுற்றளவில் ஏறத்தாழ 40 சதவீதம் இருக்க வேண்டும். கைச் சுற்றளவு 18 சென்டிமீட்டர் என்றால் சுமார் 7 சென்டிமீட்டர். வாங்கும்போது பட்டையில் அச்சிட்டிருக்கும் சுற்றளவு வரம்பைப் பாருங்கள். குழந்தைகளுக்கான பட்டை தனியாகவே கிடைக்கும்.

மாத்திரை தொடங்குவதற்கு முன்பே மூன்று நாள் அளந்து எழுதி வையுங்கள். ஒப்பிட அடிப்படை இல்லாவிட்டால் பிறகு எடுக்கும் எண்களுக்கு அர்த்தம் இல்லை.

எப்போது அளப்பது என்பதுதான் நுணுக்கம். மருந்தின் உச்சம் கொடுத்த 2 முதல் 4 மணி நேரத்தில். அப்போது குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். தூக்கத்தில் யாருக்குமே பிபி இயல்பாக இறங்கும் என்பதால் அந்த எண்ணை வைத்து முடிவெடுப்பது கடினம். வீட்டில் பயன்படும் நேரம் இரண்டு. ஒன்று, மாலையில் மாத்திரை கொடுக்கும் முன். மற்றொன்று, காலையில் எழுந்தவுடன் படுக்கையிலேயே படுத்தபடி ஒரு முறை, பிறகு எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும். நிற்கும்போது மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், அல்லது கீழ் எண் 10 இறங்கினால், நிலைமாற்றத்தில் பிபி விழுகிறது என்று அர்த்தம். பலர் உட்கார்ந்த நிலையில் மட்டும் அளந்துவிட்டு "நார்மல்தான்" என்கிறார்கள். இந்த மருந்தின் தொந்தரவு நிற்கும்போதுதான் வெளிப்படும்.

குறைவு என்பதன் எல்லைக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 1 முதல் 10 வயது வரை வயதை இரண்டால் பெருக்கி 70ஐக் கூட்டுங்கள். 8 வயது என்றால் 86. மேல் எண் இதற்குக் கீழே போனால் அன்றைய மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் பேச வேண்டும். 10 வயதுக்கு மேல் எல்லை 90. விழித்திருக்கும் பள்ளிப் பிள்ளையின் நாடி நிமிடத்துக்கு 60க்குக் கீழே இருந்தாலும் அப்படியே.

குளோனிடின் கொடுக்கும் அளவு

கடைகளில் பொதுவாகக் கிடைப்பது 100 மைக்ரோகிராம் மாத்திரை. 0.1 மில்லிகிராம் என்றாலும் அதேதான். இந்த இரண்டு எழுத்து முறையும் ஒன்று என்று தெரியாமல் நடக்கும் தவறுகள் மோசமானவை. மருந்தைக் கரைசலாகத் தயாரித்த இடத்தில் மைக்ரோகிராமை மில்லிகிராமாக எடுத்துக்கொண்டு, குழந்தைக்கு ஆயிரம் மடங்கு அளவு போய்ச் சேர்ந்த சம்பவம் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. மாத்திரையை உடைத்துக் கொடுக்க முடிகிறது என்றால் கரைசலாக மாற்றிக் கேட்காதீர்கள்.

வழக்கமான தொடக்கம் பள்ளி வயதுப் பிள்ளைக்கு அரை மாத்திரை, அதாவது 50 மைக்ரோகிராம்; மிகச் சிறிய குழந்தைக்குக் கால் மாத்திரை. படுக்கும் நேரத்துக்கு 30 முதல் 45 நிமிடம் முன். மாத்திரை வெட்டும் கருவியில் வெட்டுங்கள். கத்தியில் வெட்டினால் ஒரு நாள் பெரிய துண்டு, மறுநாள் தூள். கூட்டுவதாக இருந்தால் ஒரு வாரத்துக்குப் பிறகு ஒரு அரை மாத்திரை. பலருக்கு 50 முதல் 100 மைக்ரோகிராமில் வேலை முடிந்துவிடும். 200ஐத் தாண்டியும் தூக்கம் வரவில்லை என்றால், அளவைக் கூட்டுவதைவிட நோயறிதலைத் திரும்பிப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

மாத்திரை கொடுத்துவிட்டுக் கையில் செல்போனைக் கொடுத்தால் பலன் பாதி போய்விடும். சொக்கும் அந்த அரை மணி நேரத்தை விழித்தே கடத்திய பிள்ளை, "மருந்து பிடிக்கவில்லை" என்ற பெயரில் அடுத்த வாரம் கூடுதல் அளவுக்குப் போகும்.

8 வயதுப் பையனின் முதல் மூன்று வாரம்

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். எடை 24 கிலோ. காலையில் மட்டும் மெத்தில்ஃபெனிடேட். 9.30க்குப் படுத்தால் தூங்க 11.30 ஆகிறது. மருந்துக்கு முன் படுத்த நிலையில் பிபி 100/64, நின்றால் 98/66, நாடி 88.

முதல் வாரம் இரவு 8.45க்கு அரை மாத்திரை. 9.45க்குள் தூங்கிவிடுகிறான். காலையில் படுத்த நிலையில் 94/58, நின்று 1 நிமிடத்தில் 88/56, நாடி 76. இறக்கம் 6 மட்டுமே, எல்லையான 86க்கு மேலேதான். எல்லாம் சரி. ஆனால் விடியற்காலை 3 மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். இது குளோனிடினில் அடிக்கடி நடப்பது. தூக்கம் தரும் வேகம் சில மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது. அம்மாவுக்கு இன்னொரு அரை மாத்திரையை அந்த நேரத்தில் கொடுக்கத் தோன்றும். கொடுக்கக் கூடாது. 3 மணிக்குக் கொடுத்ததன் உச்சம் 5 முதல் 7 மணிக்கு வரும், பையன் பள்ளி வேனில் ஏறும் நேரத்தில்.

இரண்டாம் வாரம் மருத்துவர் ஒரு மாத்திரையாக்குகிறார். ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்கு. நான்கு முறை போய்விட்டுச் சாப்பிடாமல் படுத்துவிடுகிறான், மாத்திரை மட்டும் வழக்கம்போல உள்ளே போகிறது. மறுநாள் காலை கழிவறைக்கு எழுந்தவன் "கண் இருட்டுதும்மா" என்று சுவரைப் பிடித்துக்கொள்கிறான். படுக்கவைத்து அளந்தால் 92/54, நின்றவுடன் 70/46. மேல் எண்ணில் 22 இறக்கம்.

காரணம் மாத்திரையின் அளவு மட்டுமல்ல. பேதியில் உடலின் நீர் போய்விட்டது. அதை ஈடுகட்ட ரத்தக்குழாய்கள் இறுக வேண்டும், இதயம் வேகமெடுக்க வேண்டும். அந்த இரண்டையும்தான் குளோனிடின் தடுத்து வைத்திருக்கிறது. முதலில் செய்ய வேண்டியது படுக்கவைத்துக் காலைத் தலையணை மேல் உயர்த்துவது. தெளிவாகப் பேசி விழுங்க முடிந்தால் ஓஆர்எஸ் கரைசல் கொஞ்சம் கொஞ்சமாக. அடுத்து மருத்துவருக்குப் போன், இந்த எண்களோடு. எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை, மூச்சு மெதுவாக இருக்கிறது, படுத்த நிலையிலேயே 86க்குக் கீழே என்றால் போன் பேசிக்கொண்டிருக்காமல் 108.

இந்தப் பையனுக்கு மருத்துவர் அரை மாத்திரைக்கே திரும்பச் சொல்கிறார். மூன்றாம் வாரக் காலையில் படுத்தபடி 95/60, நின்றால் 90/58. 3 மணி விழிப்பு இன்னும் வாரத்தில் இரண்டு நாள் உண்டு. அதை அவ்வளவோடு விட்டுவிடுவதே நல்லது. விழிக்காத இரவுக்காகக் கூட்டும் அரை மாத்திரையைப் பகல் முழுக்கச் சோர்வாக அவன் சுமக்க வேண்டியிருக்கும்.

பேதி, வாந்தி, காய்ச்சல், மே மாத வெயிலில் விளையாட்டு, விரதம் எல்லாம் ஒரே வகை ஆபத்துதான். குழந்தை காலையில் எழுந்தவுடன் ஒரு நிமிடம் கட்டிலோரம் உட்கார்ந்து காலை ஆட்டிவிட்டு நிற்கப் பழகட்டும். உடனே ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கட்டும்.

வாந்தியும் தீர்ந்துபோன அட்டையும்

குறைந்த பிபியைப் பற்றிப் பயப்படுகிற வீட்டில், எதிர்த்திசை ஆபத்து கண்ணில் படுவதில்லை. தொடர்ந்து எடுத்துவந்த குளோனிடினைத் திடீரென்று நிறுத்தினால், அதுவரை அடக்கி வைத்திருந்த நார்அட்ரினலின் ஒரேயடியாகப் பாய்கிறது. பிபி முன்பிருந்ததைவிட மேலே ஏறும், நெஞ்சு படபடக்கும், தலை வலிக்கும், பிள்ளை எரிச்சலாகும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் தெரியும். குவான்ஃபசின் உடலில் நீண்ட நேரம் தங்குவதால் இரண்டு முதல் நான்கு நாளில் வரலாம். காலையில் மெத்தில்ஃபெனிடேட்டும் தொடர்ந்தால் ஏற்றம் கூடும்.

ஆகவே "பிபி இறங்கிவிட்டது, இனி மாத்திரையே வேண்டாம்" என்று வீட்டிலேயே முடிவெடுக்காதீர்கள். ஒரு இரவு மறந்தால் விட்டுவிடுங்கள், மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். தொடர்ந்து இரண்டு இரவு தவறினாலோ, வாந்தியில் மாத்திரை நிற்கவே இல்லை என்றாலோ மருத்துவரைக் கேளுங்கள். பழைய அளவிலேயே தொடங்கினால் பிபி சட்டென்று விழலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போய் அட்டை தீர்ந்துபோவதுதான் இதில் சாதாரணமாக நடக்கும் கதை. கையில் எப்போதும் ஒரு வார மாத்திரை மிச்சம் இருக்கட்டும். அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து நிபுணரிடம் இதை முதல் வரியாகச் சொல்லுங்கள்.

நிறுத்தும் முறை ஒரு மாத்திரை எடுப்பவருக்கு இப்படி இருக்கலாம்: ஒரு வாரம் அரை, அடுத்த வாரம் கால், பிறகு நிறுத்தம். ஒவ்வொரு படிக்குப் பிறகும் மூன்று நாள் பிபியும் நாடியும். இப்போது கண்ணை வைக்க வேண்டியது ஏற்றத்தில்.

குவான்ஃபசின் கொடுத்திருந்தால்

நீண்டநேர மாத்திரை 1 மில்லிகிராமில் தொடங்கும். வாரத்துக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் கூட்ட மாட்டார்கள். 6 முதல் 12 வயதுக்கு உச்சம் 4 மில்லிகிராம். முழுதாக விழுங்க வேண்டும்; கடித்தாலோ உடைத்தாலோ மெதுவாகக் கசிய வேண்டியது வேகமாக வெளியேறிவிடும். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு கொடுத்தாலும் ரத்தத்தில் அளவு எகிறும், எனவே பூரி, பிரியாணி முடித்த கையோடு வேண்டாம். வலிப்பு மருந்துகளான கார்பமாஸெபின், ஃபெனிடாயின், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் இதன் வேலையைக் குறைக்கும். கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சை மாத்திரைகள் கூட்டிவிடும். இறக்குவதும் 3 முதல் 7 நாளுக்கு 1 மில்லிகிராம் வீதம்தான்.

மாத்திரை இருக்கும் அலமாரி

வீட்டில் இரண்டு மூன்று வயதுத் தம்பி, தங்கை இருந்தால் குளோனிடின் அட்டை பூட்டுக்குள் இருக்க வேண்டும். இவ்வளவு சிறிய குழந்தைக்கு ஒரே ஒரு மாத்திரைகூட ஆழ்ந்த மயக்கம், சுருங்கிய கண்பாவை, மெதுவான மூச்சு, மெதுவான நாடி எல்லாம் கொண்டுவரலாம். தொடக்கத்தில் பிபி சற்றே ஏறிப் பிறகுதான் விழும் என்பதால், "இப்போது பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது" என்ற ஆறுதல் ஏமாற்றும். வாந்தி எடுக்கவைக்காதீர்கள், மயங்கும் குழந்தை அதை மூச்சுக்குழாயில் இழுத்துக்கொள்ளும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்த உடனே அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள். அட்டையில் எத்தனை மாத்திரை குறைகிறது என்ற எண்ணிக்கையை அங்கே முதலில் கேட்பார்கள்.